ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் கோர்ட் தொடமுடியாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் சிவகாசி பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவன். இப்போது சின்னதாக ஒரு பட்டாசு யூனிட் வைத்திருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்:

"டீச்சர், ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் போட்டு மீட்டாங்கல்ல? அதே மாதிரி பட்டாசுக்கும் ஒரு சட்டம் போட்டு, ஒன்பதாவது அட்டவணையில சேர்த்துட்டா எந்தக் கோர்ட்டும் தொடமுடியாதாமே? வாட்ஸ்அப்பில போட்டிருந்தாங்க. அறுபத்தொன்பது சதவீதத்தையே அப்படித்தான் காப்பாத்தினாங்களாம். உண்மையா?"

பாயசம் ஆறிப்போகும், அப்புறம் சொல்றேன்ப்பா என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல ஒரு வரலாறே சொல்ல வேண்டும். பந்தியில் முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டவணை எப்படி வந்தது என்று பார்ப்போம். அதற்கு நம் சென்னை மாகாணம்தான் ஒரு காரணம்.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். சாதியைக் காரணம் காட்டி அரசுக் கல்லூரியில் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று புதிய அரசமைப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறதே என்பது அவர் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

இங்கே பெரும் கொந்தளிப்பு. பெரியார் போராட்டம் நடத்தினார். நம் விருதுநகரில் பிறந்த காமராசர்தான் அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். அதே நேரத்தில் வடக்கே பீகார் போன்ற மாநிலங்களில் ஜமீன்தார்கள், நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தங்கள் சொத்துரிமையைப் பறிக்கின்றன என்று நீதிமன்றங்களில் மோதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து 1951 ஜூனில் நேரு அரசு முதலாவது அரசமைப்புச் சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) அதில்தான் வந்தது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த ஒரு வரியால் முதல் பட்டதாரி வந்தார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதே திருத்தத்தில் வந்த இன்னொன்று 31பி என்ற பிரிவும், அதோடு ஒட்டிய ஒன்பதாவது அட்டவணையும். அட்டவணை என்றால் ஒரு பட்டியல், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் ஒரு சட்டத்தின் பெயரை எழுதிவிட்டால், அது அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்று சொல்லி எந்த நீதிமன்றமும் அதைச் செல்லாததாக்க முடியாது என்கிறது 31பி. நீதிமன்றம் ஏற்கெனவே செல்லாது என்று சொல்லியிருந்தாலும்கூட, பட்டியலில் ஏறியதும் அது உயிர்பெற்றுவிடும். முதலில் அதில் இருந்தவை 13 சட்டங்கள். இன்று வரிசை எண் 284 வரை போகிறது.

ஒரு மாநில சட்டமன்றம் தானாக அந்தப் பட்டியலில் எதையும் எழுத முடியாது. அது அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே நாடாளுமன்றம் 368ஆவது பிரிவின்படி திருத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். மக்களவையில் 543 பேர் என்றால் குறைந்தது 272 பேர் வேண்டும். 450 பேர் வாக்களித்தால் 300 பேர் வேண்டும். அப்போது 272 போதாது. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல நோக்கத்துக்காகக் கட்டிய அறைதான். ஆனால் பூட்டு நல்லதாக இருக்கிறது என்று தெரிந்ததும், உள்ளே என்னென்னவோ வைக்க ஆரம்பித்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையில்லாமல் ஆட்களைச் சிறையில் வைத்த மிசா சட்டம் இந்தப் பட்டியலில் ஏறியது. 'ஆட்சேபகரமான' செய்திகளை வெளியிடக் கூடாது என்று பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1976ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறியது. ஏழை உழவனுக்கு நிலம் தருவதற்காகக் கட்டிய கூரையின் கீழே மிசாவும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1978இல் ஜனதா ஆட்சி இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்தது.

இங்கேதான் பெரிய கேள்வி வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா?

1951இல் உச்ச நீதிமன்றம் சங்கரி பிரசாத் வழக்கில், மாற்றலாம் என்றது. 1964இல் சஜ்ஜன் சிங் வழக்கிலும் பெரும்பான்மை அதையே சொன்னது. ஆனால் அதில் நீதிபதி முதோல்கர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றினால் அது திருத்தமா, இல்லை ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவதா என்று கேட்டார்.

1965 பிப்ரவரியில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் ஒரு சொற்பொழிவாற்றினார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று நம்மைப் பற்றியது. முதலாவது பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் மீதி இந்துஸ்தானம் என்றும் இரண்டே மாநிலமாக்கிவிட முடியுமா என்றார். இன்னொரு கேள்வி: திருத்தும் அதிகாரத்தை வைத்து அரசமைப்புச் சட்டத்தையே ஒழித்து மொகலாயப் பேரரசரையோ இங்கிலாந்து முடியாட்சியையோ திரும்பக் கொண்டுவரலாமா? விளையாட்டுக்குக் கேட்டதல்ல. அவர் நாட்டில் 1933 மார்ச்சில், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டுத் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைத்தது. வெளியே அடியாட்கள் நிற்க, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில் இருக்க, நடைமுறை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே அது நடந்தது. அதனால்தான் 1949இல் எழுதிய ஜெர்மன் அரசமைப்புச் சட்டத்தில், சில விஷயங்களை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்தக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

வரி இல்லாவிட்டால் எல்லை இல்லையா? என் பழைய மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நீங்கள் எழுதிய கட்டுரை நோட்டை நான் திருத்தியது ஞாபகம் இருக்கிறதா? பிழையை அடித்து எழுதுவேன். ஒரு வரியை எடுப்பேன், ஒரு வரியைச் சேர்ப்பேன். சில நோட்டில் சிவப்பு மை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆனால் முழுக்கட்டுரையையும் குறுக்கே அடித்துவிட்டு நானே வேறு ஒன்றை எழுதி வைத்தால், அட்டையில் உன் பெயர் இருக்கும், உள்ளே உன் கட்டுரை இருக்காது. அதற்குப் பெயர் திருத்தமா? 'திருத்தம்' என்ற சொல்லுக்குள்ளேயே, திருத்தப்படுகிற பொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

1967இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 5 என்ற கணக்கில் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தது. அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தம் எதையுமே செய்யக் கூடாது என்றது. இது மறுகோடி. அப்படியானால் நிலச்சீர்திருத்தம் எப்படி நடக்கும்? இந்திரா காந்தி அரசு 1971இல் 24ஆவது திருத்தம் கொண்டுவந்து, எந்தப் பிரிவையும் திருத்தலாம் என்று எழுதிக்கொண்டது.

இரண்டு கோடிகளுக்கும் நடுவே ஒரு வழி பிறந்தது கேசவானந்த பாரதி வழக்கில். காசர்கோடு பக்கத்தில் எடநீர் மடத்தின் தலைவர் அவர். கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் மடத்து நிலத்தைத் தொட்டதால் வழக்குக்குப் போனார். அந்தச் சட்டத்தின் திருத்தங்கள் 1972இல் ஒன்பதாவது அட்டவணையில் ஏறின. 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்டார்கள். 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்று தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது. இதுதான் அந்தப் பெரும்பான்மை. நீதிபதி கன்னாவின் ஒரு வாக்குதான் தராசைச் சாய்த்தது.

அந்த ஏப்ரல் 24 என்ற தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கோட்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஆகஸ்டில் 39ஆவது திருத்தம் வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்றது அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரம். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவில்லை. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லும் என்று சொன்னது. ஆனால் பிரதமருக்கு மட்டும் நீதிமன்றம் கிடையாது என்ற அந்தத் திருத்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. நியாயமான தேர்தல் என்பது கட்டமைப்பின் தூண், அதை எடுத்தால் வீடு நிற்காது என்பதுதான் காரணம்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். ஒன்பதாவது அட்டவணையின் பூட்டு உண்மையில் எவ்வளவு பலம் என்று சோதித்துப் பார்த்தது நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்.

கூடலூர் பக்கம் முன்பு வயநாட்டோடு இருந்த பூமி. அங்கே நிலம் ஜென்மி முறையில் இருந்தது. சுமார் 80,000 ஏக்கர் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். அதில் பெரும் பகுதியைத் தேயிலை, காப்பித் தோட்டக்காரர்கள் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே காடும் இருந்தது, சிறு விவசாயிகளும் இருந்தார்கள். இந்த ஜென்மி முறையை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றத் தமிழக அரசு 1969இல் ஒரு சட்டம் போட்டது. 24ஆம் எண் சட்டம்.

தோட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1972இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி மட்டும் செல்லாது என்றது. நிலச்சீர்திருத்தம் என்றால் அரசமைப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனால் காட்டை அரசு எடுத்துக்கொள்வதில் உழவனுக்கு என்ன சீர்திருத்தம் இருக்கிறது என்று கேட்டது நீதிமன்றம்.

அரசு என்ன செய்தது? 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் கூடலூர்ச் சட்டம் முழுவதும், செல்லாது என்று சொன்ன பகுதியையும் சேர்த்து, ஒன்பதாவது அட்டவணையில் ஏறிவிட்டது. தீர்ப்பை மேல்முறையீட்டில் ஜெயிக்கவில்லை. பட்டியலில் ஒரு பெயரை எழுதித் தாண்டிவிட்டார்கள்.

மறுபடி வழக்கு. அதன் பெயர் ஐ.ஆர்.கொயலோ எதிர் தமிழ்நாடு அரசு. வருடக்கணக்கில் கிடந்தது. 1999இல் ஐந்து நீதிபதிகள் இது பெரிய அமர்வு கேட்க வேண்டிய விஷயம் என்று அனுப்பிவைத்தார்கள். ஒன்பது நீதிபதிகள் கேட்டு 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பு வந்தபோது வழக்குத் தொடுத்தவர் உயிரோடு இல்லை. தீர்ப்பின் தலைப்பிலேயே, இறந்துவிட்டார், வாரிசுகள் மூலமாக என்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னது இது. 1973 ஏப்ரல் 24 அல்லது அதற்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் சோதிக்கலாம். அந்தத் தேதிக்கு முன் ஏறியவற்றுக்குப் பழைய பாதுகாப்பு தொடரும். ஏன் அந்தத் தேதி? அன்றுதான் நாடாளுமன்றத்துக்குத் தன் எல்லை எது என்று தெரிந்தது. தெரியாமல் செய்ததை விட்டுவிடுவோம், தெரிந்த பிறகு செய்ததற்குக் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். 1980இல் வாமன் ராவ் வழக்கிலேயே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். கொயலோ வழக்கு அதை உறுதியாக்கி, சோதனை எப்படி என்று சொல்லியது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. கூடலூர்ச் சட்டம் பிறந்தது 1969இல். கோட்டுக்கு முந்தியது. ஆனால் அட்டவணையில் ஏறியது 1974இல். எண்ண வேண்டியது ஏறிய தேதியை. ஆகவே அது சோதனைக்கு உட்பட்டது.

சோதனை இரண்டு படி. முதல் படியில், இந்தச் சட்டம் அடிப்படை உரிமை எதையாவது மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். மீறவில்லை என்றால் அதோடு முடிந்தது. மீறுகிறது என்றால் இரண்டாம் படி. அந்த மீறல் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேதப்படுத்தும் அளவுக்கு ஆழமானதா? சமத்துவம் பேசும் 14ஆவது பிரிவு, சுதந்திரங்கள் பேசும் 19, உயிர்வாழும் உரிமை பேசும் 21 ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணத்தைத்தான் நீதிபதிகள் முக்கியமாகச் சுட்டினார்கள். சட்டம் போட்டவரின் நோக்கம் என்ன என்று மட்டும் பார்த்தால் போதாது. அது உரிமை மேல் நேராக என்ன பாதிப்பை உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு படியிலும் மாட்டிக்கொண்டால்தான் சட்டம் விழும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது நீதிபதிகள் விதியைச் சொன்னார்களே தவிர, கூடலூர்ச் சட்டத்தைத் தள்ளவில்லை. இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள் என்று மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். இதற்கிடையில் அந்தக் குத்தகை நிலங்களில் குடியிருக்கும் எளிய ஜனங்கள் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்கு அலைந்து, ஆண்டுகளை ஓட்டினார்கள். ஒரு கோட்பாடு தெளிவாகலாம், மலையில் இருக்கிற குடும்பத்துக்குக் காகிதம் கிடைக்க அது மட்டும் போதாது.

இப்போது அறுபத்தொன்பது சதவீதத்துக்கு வருகிறேன். என் பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் கல்லூரி இடமும் அரசு வேலையும் கொடுத்த கணக்கு அது. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. கூட்டினால் 69. 1992 நவம்பரில் மண்டல் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மிக விதிவிலக்கான நிலை தவிர இட ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1993இல் ஜெயலலிதா அரசு 69ஐக் காக்க தனிச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1994இல் கிடைத்தது. அதே வருடம் 76ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் 257ஏ என்ற எண்ணில் ஏற்றியது. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நின்ற அபூர்வமான விஷயம்.

ஏறிய வருடம் 1994. 1973க்குப் பிறகு. ஆகவே வாட்ஸ்அப் சொல்வதுபோல் அது தொடமுடியாத சட்டம் இல்லை. கொயலோ சோதனை அதற்கும் உண்டு. வழக்கும் இருக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றம், எண்ணிக்கைக் கணக்கோடு இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று சொன்னது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் அறிக்கையைப் பெற்று 2011இல் அரசு 69 தொடரும் என்று முடிவெடுத்தது. அதை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். இறுதித் தீர்ப்பு இல்லாமலே வருடங்கள் போகின்றன.

அப்படியானால் அது விழுந்துவிடுமா? இரண்டு படியையும் வைத்துப் பாருங்கள். 50ஐத் தாண்டுவது சமத்துவ உரிமையை மீறுகிறது என்று முதல் படியில் வாதிடுவார்கள். இரண்டாம் படியில், 50 என்ற எண்ணே அரசமைப்புச் சட்டத்தின் தூணா என்ற கேள்வி வரும். 2022 நவம்பரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்று ஏற்றுக்கொண்டபோது, பெரும்பான்மை நீதிபதிகள் 50 என்பது எந்த நிலையிலும் வளையாத எல்லை அல்ல என்றார்கள். அந்த 10 சதவீதத்தை நம் ஊரில் எதிர்ப்பவர்கள் பலர். ஆனால் அதில் சொன்ன அந்த வார்த்தை நாளை 69க்கு ஆதரவாகவும் பேசப்படலாம். எதிர்த்தரப்பு அதற்கும் பதில் வைத்திருக்கும். என் கருத்தைக் கேட்டால், 69ஐக் காப்பது அட்டவணையின் பூட்டு அல்ல. யார் எவ்வளவு பேர், எங்கே இருக்கிறார்கள், எங்கே இன்னும் போய்ச்சேரவில்லை என்ற கணக்குத்தான் அதைக் காக்கும். இரண்டாம் படியில் நிற்க வேண்டுமானால் அந்தக் கணக்குக் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பந்தியில் கேட்ட தம்பிக்குப் பதில்.

ஜல்லிக்கட்டுச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் ஏறவே இல்லை, தம்பி. மிருகவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். அதனால் 2017இல் தமிழ்நாடு மத்தியச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் போட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அதை நேரடியாக ஆராய்ந்து, செல்லும் என்றார்கள். நீதிமன்றத்திடமிருந்து ஒளிந்து ஜெயிக்கவில்லை, முன்னால் போய் நின்று ஜெயித்தது.

பட்டாசு வேறு. வெடிபொருள் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1884ஆம் வருட வெடிபொருள் சட்டமும் மத்தியச் சட்டம். தமிழக சட்டமன்றம் நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாது. சரி, நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை இல்லை என்று சொல்லி, மூன்றில் இரண்டு பங்கோடு அட்டவணையில் சேர்க்கிறது என்று வைத்துக்கொள். 1973க்குப் பிறகு ஏறுவதால் சோதனை உண்டு. முதல் படியில் என்ன வரும்? 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் போட்ட வழக்கில்தான் 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. அது நின்றதே 21ஆவது பிரிவின் மேல், மூச்சுவிடும் உரிமையின் மேல். ஒன்பது நீதிபதிகள் சொன்ன முக்கோணத்தின் ஒரு முனை அது. அதாவது நீ ஒளிந்துகொள்ள நினைக்கிற அறையின் கதவு, அந்த வழக்கு வருகிற பக்கம்தான் திறந்திருக்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் உனக்கும் ஒரு பிடி இருக்கிறது. முழுத்தடை கேட்டார்கள், நீதிமன்றம் கொடுக்கவில்லை. தொழில் செய்யும் உரிமையை, அதாவது 19ஆவது பிரிவையும் எடைபோட்டது. அதுவும் முக்கோணத்தின் இன்னொரு முனைதான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, வேலைக்குப் போன பெண்கள் வீட்டில் முடங்கியதை நாம் கண்ணால் பார்த்தோம். அதையும், புகை குறைந்த கலவையில் செய்து காட்டிய சோதனை முடிவுகளையும் நீதிமன்றத்தின் முன் வைப்பதுதான் வழி.

இந்தக் கோட்பாட்டின் மேல் நியாயமான குறைகளும் உண்டு. அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல்லே அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. அதில் என்னென்ன அடங்கும் என்று முடிந்த பட்டியலும் கிடையாது. மக்களாட்சி, மதச்சார்பின்மை, கூட்டாட்சி, நீதிமன்ற ஆய்வு என்று வழக்குக்கு வழக்கு நீதிபதிகள் சொல்லிச் சேர்த்தவைதான். ஓட்டுப் போட்டு வராதவர்கள், ஓட்டு வாங்கி வந்தவர்களைத் தடுக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. இது எல்லாவற்றையும் காக்கும் மந்திரமும் இல்லை. சொத்துரிமையை 1978இல் அடிப்படை உரிமைப் பகுதியிலிருந்தே எடுத்தார்கள், நின்றது. கல்வியை 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது, அதுவும் இன்றுவரை நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சராக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எனக்குப் பிடிக்காத திருத்தம் எல்லாம் கட்டமைப்பை உடைக்கும் திருத்தம் ஆகிவிடாது. அதே 42ஆவது திருத்தம், இனி எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் ஒரு வரி எழுதியிருந்தது. அதை 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் எடுத்துவிட்டார்கள். எல்லையோடு கிடைத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த எல்லையையே அழித்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

கேசவானந்த பாரதி 2020 செப்டம்பரில் காலமானார். அவருடைய பெயரில் வந்த தீர்ப்பு நாட்டுக்கு இத்தனை செய்தது. அவர் கேட்டுப் போன நிலம் மட்டும் மடத்துக்குத் திரும்பவில்லை.

தம்பி, உனக்கு இந்தப் பதிவை அனுப்பிவிட்டேன். அந்த வாட்ஸ்அப் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதே. சந்தேகம் இருந்தால் எல்லாரும் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கறிஞர் ஆகிவிட்ட என் பிள்ளைகள் யாராவது இதில் பிழை கண்டால் சிவப்பு மையோடு வாருங்கள். திருத்தலாம். முழுசாக அடித்துவிடாதீர்கள்!